ஒன்பதேகால் பதிவு

வீட்டைப் பூட்டிவிட்டுப் பத்தடி நடப்பாள். நிற்பாள். திரும்பி வந்து பூட்டைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். பிறகுதான் தெருவில் இறங்குவாள். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் ஒருநாள்கூட இது தவறியதில்லை என்று அவள் கணவர் சொல்வார். லிப்ட் பழுது பார்ப்பவர் அவர். நாளெல்லாம் கதவு திறந்து மூடுவதைச் சோதிப்பதுதான் பிழைப்பு. அவருக்கே இது அதிகமாகப் பட்டது.

"அந்தப் பூட்டுக்கு வாய் இருந்தா, 'ஏம்மா, என் மேல அப்படி என்ன சந்தேகம்?'னு கேட்டிருக்கும்" என்பார்.

"பூட்டு மேல இல்ல. பூட்டின கை மேலதான் சந்தேகம்" என்பாள் அவள்.

பேருந்துக் கம்பெனியின் பணிமனையிலும் இந்தப் பழக்கம் அவளோடு போய்ச் சேர்ந்தது. மாலையில் திட்ட அறையைப் பூட்டிவிட்டு, பத்தடி நடந்து, திரும்பி வந்து இழுப்பாள். மெக்கானிக்குகள் இரண்டாம் நாளே பெயர் வைத்துவிட்டார்கள்: பூட்டக்கா.

பூட்டக்காதான் அவள் வீட்டின் முதல் பட்டதாரி. தெருவுக்கும் ஏறக்குறைய அவள்தான். ஏழாவது படிக்கும்போதே தெருவில் யாருக்குக் கடிதம் வந்தாலும் அவள் கைக்குத்தான் வரும். "இதுல என்ன போட்டிருக்கு, கண்ணு?" என்பார்கள். அவள் படித்து இரண்டு வரியில் சொல்வாள். அவள் விரல் வைத்த இடத்தில் அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். ஒருமுறை பக்கத்து வீட்டுச் சித்திக்கு வந்த தாளைப் பார்த்து, "வழக்கமா வர்றதுதான் சித்தி, ஒண்ணுமில்ல" என்றாள். அடியில் சின்ன எழுத்தில் ஒரு தேதி இருந்தது. அந்தத் தேதிக்குள் அலுவலகத்தில் போய் நிற்காததால் சித்தி வீட்டுத் தண்ணீர் இணைப்பை வெட்டிவிட்டுப் போனார்கள். சித்தி ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த கடிதத்தை மட்டும் வேறு யாரிடமோ கொண்டு போனாள். பூட்டை இழுத்துப் பார்ப்பது அதற்குப் பிறகு வந்ததா, முன்பே இருந்ததா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

பணிமனையில் அவள் வேலை இது. நூற்று நாற்பது வண்டிகள். உதிரிபாகம் வாங்க வேண்டும், வெளி ஆளை வைத்து வேலை செய்ய வேண்டும், ஒரு பாகத்துக்குப் பதில் வேறு கம்பெனிப் பாகம் போட வேண்டும் என்றால் கணினியில் ஒரு கோரிக்கை போட வேண்டும். அதற்கு மேலாளரோ பாதுகாப்புப் பொறியாளரோ ஒப்புதல் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாதவரை வண்டி பழுது பார்க்கும் பள்ளத்தின் மேலேயே நிற்கும். எதெல்லாம் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது என்று தினமும் காலை ஒன்பதேகாலுக்குப் பணிமனைக் குழுவில் அவள் ஒரு பதிவு போட வேண்டும். குழுவில் நாற்பத்திரண்டு பேர்.

"ஆறு மாசம் பார்ப்போம்மா. நிலுவை குறைஞ்சா வேலை நிரந்தரம். குறையலைன்னா இந்தப் பதிவும் வேண்டாம், இந்த மேசையும் வேண்டாம்" என்று மேலாளர் முதல்நாளே சொல்லியிருந்தார்.

அவளுக்கு முன்பிருந்தவர் முப்பது வரி அட்டவணையைப் படமெடுத்து அனுப்பி, அடியில் 'ஆவன செய்க' என்று போடுவார். கைபேசியில் அதைப் பெரிதாக்கினால் வலதுபக்கம் தெரியாது. சுருக்கினால் ஒன்றுமே தெரியாது. அவளும் முதல் வாரம் அதையே எழுத்தில் செய்தாள். 'மதிப்பிற்குரிய அனைவருக்கும் காலை வணக்கம். கீழ்க்கண்ட கோரிக்கைகள் தங்களது மேலான ஒப்புதலுக்காகக் காத்திருக்கின்றன' என்று தொடங்கி இருபத்தாறு வரி. கிணற்றில் போட்ட கல். இரண்டாம் வாரம் பதிவில் எல்லாரையும் ஒரே @ குறியில் கூப்பிட்டாள். நாற்பத்திரண்டு கைபேசிகளும் ஒன்றாகக் கத்தின. மறுநாள் பாதிப்பேர் குழுவின் சத்தத்தை அணைத்துவிட்டார்கள். மூன்றாம் வாரம் மேலாளர் பதிவுக்கு ஒரு கட்டைவிரல் போட்டார். அவள் மகிழ்ந்துபோய்க் கணினியைத் திறந்தால் ஒன்றுகூட ஒப்புதலாகியிருக்கவில்லை.

"சார், கட்டைவிரல் போட்டீங்களே?"

"ஆமாம்மா, பார்த்துட்டேன்னு போட்டேன்."

"அப்ப ஒப்புதல்?"

"அதான் கட்டைவிரல் போட்டேனே!"

கல்யாணத்துக்கு வந்தாயிற்று, மொய் எழுதியாயிற்றா என்பது போல இருந்தது அது. எழுதவில்லை. கட்டைவிரலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தினமும் கணினியைத் திறந்து இழுத்துப் பார்க்கும் வழக்கம் அன்று தொடங்கியது.

பிறகு அவள் எப்படி எழுதுவது என்பதை விட்டுவிட்டு, படிப்பவர்களைக் கவனித்தாள். ஒன்பதேகாலுக்குப் பதிவைப் போட்டுவிட்டு, தண்ணீர்ப் பாட்டிலோடு பட்டறைக்குள் ஒரு சுற்று போவாள். மேலாளர் படியிறங்கிக்கொண்டே படித்தார். பாதுகாப்புப் பொறியாளர், இருபத்தேழு வயதுப் பையன், வண்டிக்கு அடியில் இருந்து ஒரு கையை மட்டும் நீட்டிப் படித்தான். இருவர் திரையிலும் மூன்றே வரிகள்தான் தெரிந்தன. அதற்குக் கீழே 'மேலும் படிக்க'. அதை யாரும் தொடவில்லை.

ஆகவே உலகம் மூன்று வரி. அவள் மாற்றி எழுதினாள். வணக்கத்தை எடுத்தாள். முதல் சொல் யார் செய்ய வேண்டுமோ அவர் பெயர். இரண்டாவது, என்ன செய்ய வேண்டும். மூன்றாவது, எத்தனை மணிக்குள், செய்யாவிட்டால் எது நிற்கும். மீதி எல்லாம் அந்தப் பதிவுக்குப் பதிலாகக் கீழே. நேற்றே சொன்னதை இன்று புதிது போலச் சொல்லக் கூடாது. 'நான்காம் நாள்' என்று போட வேண்டும்.

'மேலாளர்: 47-ம் வண்டி கியர்பெட்டி, ஒப்புதல் தேவை. நான்காம் நாள். இன்று பன்னிரண்டுக்குள் இல்லையென்றால் நாளைக் காலை ஆறு மணி வண்டி கிடையாது.' அதன் கீழே, தொட்டால் நேராக அந்தக் கோரிக்கைக்கே போகும் இணைப்பு.

ஒன்பது பதினெட்டுக்கு ஒப்புதல் வந்தது. அவள் திரும்ப இழுத்துப் பார்த்தாள். நிஜமாகவே வந்திருந்தது.

மூன்று மாதத்தில் நிலுவை இருபத்தாறிலிருந்து ஐந்துக்கு இறங்கியது. மெக்கானிக்குகள் காலையில் கைபேசியைப் பார்த்து, "பூட்டக்கா யாருக்கு இன்னைக்குப் பூட்டுப் போட்டிருக்கு?" என்று சிரித்துக்கொண்டார்கள். மேலாளர் அவளை 'நம்ம பூட்டு' என்று சொல்லத் தொடங்கினார். அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் சந்தோஷம் வந்தால் அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது.

ஒருநாள் ஒப்புதலான நேரங்களை வரிசையாகப் பார்த்தாள். ஒன்பது பதினேழு. ஒன்பது பதினேழு. ஒன்பது பதினேழு. ஒரே நிமிஷத்தில் மூன்று. ஒவ்வொரு கோரிக்கையோடும் தாள்கள் இணைத்திருப்பார்கள். அவற்றைக் கடைசியாக யார், எப்போது திறந்தார்கள் என்று கணினி காட்டும். மூன்றிலும் கடைசியாகத் திறந்தது கோரிக்கை போட்டவரே. வேறு யாரும் திறக்கவில்லை.

இவர்கள் கோப்பைப் பார்த்து ஒப்புதல் தரவில்லை. அவள் வாக்கியத்தைப் பார்த்துத் தருகிறார்கள். அவள் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். சித்திக்குப் பதில் இப்போது மேலாளர்.

அன்றிலிருந்து அவளுக்கு எல்லாவற்றிலும் வாடை அடித்தது. இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்துகிறார்கள் என்பது தனக்குத் தெரிந்தால் வேறு யாருக்கும் தெரியாதா? யாராவது இதைப் பயன்படுத்திக்கொண்டால்? தேடுகிறவன் கண்ணுக்கு ஏதாவது அகப்படாமல் போகாது. அவளுக்கு ஸ்டோர் அண்ணன் அகப்பட்டார்.

உதிரிபாக ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவர் அவர். ஓய்வுக்கு இன்னும் இரண்டு மாதம். கவுண்டரின் கம்பி வலைக்குப் பின்னால், எந்த நட்டு எந்தப் பெட்டியில் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுத்துத் தருவார். நல்ல மனிதர் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். ஆனால் அவர் கோரிக்கைகள் மாறியிருந்தன. முன்பு நாலு வரி கதை எழுதுவார். இப்போது, 'இன்று இல்லையென்றால் 112 நிற்கும்' என்று ஒரே வரி. நறுக்கென்று, அவள் பதிவில் அப்படியே தூக்கிப் போடத் தோதாக. நேரமும் அப்படி: ஒன்பது நான்கு, ஒன்பது ஆறு, ஒன்பது ஐந்து. அவள் பதிவுக்குப் பத்து நிமிஷம் முன்னால். சரிபார்க்க நேரம் இல்லாமல், ஆனால் பதிவில் சேர நேரம் இருக்கிற மாதிரி.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏன் அப்படிப் பண்றாருன்னு அவரையே கேளேன்."

"திருடன்கிட்டயே போய், திருடினியான்னு கேப்பாங்களா?"

"அதுக்குள்ள திருடன் ஆயிட்டாரா?" என்றார் அவர். "லிப்ட் நின்னா நான் முதல்ல கரன்ட் இருக்கான்னு பார்ப்பேன். நீ முதல்ல உள்ள பொணம் இருக்கான்னு பார்ப்ப."

அவள் சிரிக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்பது ஐந்துக்கு ஸ்டோரிலிருந்து ஒரு கோரிக்கை வந்தது. பிரேக் லைனிங், பிரேக் போட்டால் சக்கரத்தைப் பிடிக்கும் பட்டை. வழக்கமான கம்பெனியிடம் சரக்கு வர மூன்று வாரம் ஆகும். வேறு கம்பெனியுடையதைப் போடப் பாதுகாப்புப் பொறியாளர் ஒப்புதல் தேவை. 'அதே அளவு. இன்று இல்லையென்றால் மூன்று வண்டி நிற்கும்.'

பிரேக் என்ற சொல்லைப் பார்த்ததும் அவள் இணைப்பைத் திறந்தாள். சூடு ஏறினால் லைனிங் எவ்வளவு பிடிக்கும் என்று சோதித்துக் கொடுத்த தாள் அது. முத்திரை, கையெழுத்து எல்லாம் சரி. மேல்மூலையில் மாடல் எண் மட்டும் பேருந்துக்கானது அல்ல. சிறிய வேனுக்கானது.

இதோ, என்றது அவள் மனசு. இத்தனை நாள் தேடியது இதோ.

அப்போது மணி ஒன்பது பத்து. மேசைமேல் உள்தொலைபேசி இருந்தது. ஸ்டோரின் எண் இரண்டு இலக்கம். ஐந்து நிமிஷம் இருந்தது. அவள் தொலைபேசியைப் பார்த்தாள். தட்டச்சுப் பலகையைப் பார்த்தாள். இதை எழுதினால் ஒப்புதல் இன்று வராது, மூன்று வண்டி நிற்கும், நிலுவை ஏறும், அவள் ஆறு மாதக் கணக்கில் அது விழும். அப்படியும் எழுதத்தான் வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. தன் நேர்மையில் அவளுக்கு அன்று கொஞ்சம் மயக்கமே இருந்தது.

'பாதுகாப்புப் பொறியாளர்: மாற்று பிரேக் லைனிங், தாளைத் திறந்து பார்க்காமல் ஒப்புதல் தர வேண்டாம். இணைத்திருப்பது சிறிய வேனுக்கான சோதனைத் தாள். இந்த மாதம் ஸ்டோர் அனுப்பிய பதினொரு கோரிக்கைகள் ஒன்பதுக்கும் ஒன்பதேகாலுக்கும் நடுவில் வந்தவை.'

மூன்று வரி. மூன்றும் உண்மை. முதலிரண்டும் பிரேக்கைப் பற்றியவை. மூன்றாவது ஒரு மனிதரைப் பற்றியது. அதை எழுதும்போதே அவளுக்கு அது தெரியும். அனுப்பினாள்.

அன்று 'மேலும் படிக்க' தேவைப்படவில்லை. பொறியாளன் வண்டிக்கு அடியிலிருந்து முழுசாக வெளியே வந்தான். மேலாளர் படியில் நின்றுவிட்டார். பத்து மணிக்கு ஸ்டோர் அண்ணனை மேலே கூப்பிட்டார்கள். பதினொரு கோரிக்கைகளையும் வெளியே எடுத்து, பெட்டி பெட்டியாக ஸ்டோரைத் திறந்து, சரக்கு தந்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்டு, இரண்டு நாள் சோதித்தார்கள். மெக்கானிக்குகள் கவுண்டர் பக்கம் போகும்போது, "அண்ணே, ஒன்பது அஞ்சு ஆயிடுச்சு, இன்னும் போடலையா?" என்று கேட்டார்கள். விளையாட்டுக்குத்தான். அவரும் முதல்நாள் சிரித்தார்.

ஒன்றும் இல்லை. பதினொன்றும் சுத்தம். சரக்குக் கம்பெனி தாள்களை மாற்றி அனுப்பியிருந்தது. புதன்கிழமை மாலையே சரியான தாள் வந்தது. பொறியாளன் இம்முறை ஒவ்வொரு வரியாகப் படித்து, ஒரு வண்டியில் போட்டு ஓட்டிப் பார்த்து, ஒப்புதல் கொடுத்தான். மூன்றாம் நாள் மூன்று வண்டிகளும் வெளியே போயின.

அன்று மத்தியானம் அவள் கவுண்டருக்குப் போனாள். அவர் வலைக்குப் பின்னால் பேரிங் பெட்டிகளில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே."

"சொல்லும்மா."

"அந்தத் தாள்... நீங்க அனுப்பும்போது பார்க்கலையா?"

"இல்ல. பொறியாளர் தம்பி பார்க்கும்னு நெனச்சேன். அந்தத் தம்பி, நீ பார்த்துத்தான் போடுவன்னு நெனச்சுதாம். என் தப்புதான், அதச் சொல்லிட்டேன் மேல. தாளை நீ புடிச்சது நல்லதுதான். இல்லன்னு சொல்லல." சீட்டின் ஓரத்தை விரலால் நீவினார். "மூணாவது வரி எதுக்கும்மா?"

கவுண்டரின் ஓரத்தில் கிடந்த ஒரு சீட்டை அவள் நேராக்கி வைத்தாள்.

"ஒன்பது மணிக்குத்தான் ஷிப்ட் மெக்கானிக்குங்க என்ன இல்லைன்னு வந்து சொல்லுவானுங்க. ஒன்பதேகாலுக்கு உன் பதிவு. அதுல வராட்டி அன்னைக்கு யாரும் பார்க்க மாட்டாங்க. வேற எப்ப நான் போடுறது?"

"எழுதற விதமும் மாறியிருந்துச்சேண்ணே..."

"மாறாம? நாலு வரி எழுதி இருபது வருஷம் யாரும் படிக்கல. நீ எழுதறதப் பார்த்தேன். ஆளு, வேலை, எது நிக்கும். அட, இவ்வளவுதானான்னு அதே மாதிரி எழுத ஆரம்பிச்சேன். உன்னைப் பார்த்து எழுதினதுக்கா இது?"

கம்பி வலை நடுவில் இருந்தது நல்லதாகப் போயிற்று என்று அவளுக்குத் தோன்றியது. யார் முகமும் முழுசாகத் தெரியவில்லை.

"மன்னிச்சிருங்கண்ணே."

"என்கிட்ட எதுக்குச் சொல்ற? எனக்குத்தான் தெரியுமே நான் எடுக்கலன்னு. நாப்பத்திரண்டு பேர் படிச்சாங்க. அந்த நாப்பத்திரண்டு பேருக்கும் ஒரு வரி போடு. அதே ஒன்பதேகால்ல, மேலேயே. கீழ எங்கயாவது ஒளிச்சுப் போடாத, அங்க யாரும் படிக்க மாட்டாங்கன்னு உனக்கே தெரியும்."

"நாளைக்கே போடறேண்ணே."

மறுநாள் எட்டரைக்கே வந்து உட்கார்ந்தாள். 'பிரேக் லைனிங் தொடர்பாக ஏற்பட்ட தவறான புரிதலுக்கு வருந்தப்படுகிறது.' அழித்தாள். யார் வருந்துகிறார்கள்? 'ஸ்டோர் மீது எந்தத் தவறும் இல்லை எனக் கண்டறியப்பட்டுள்ளது.' அழித்தாள். இதைப் படிப்பவன் முதலில், தவறு இருந்ததா என்றுதான் கேட்பான். யார் செய்ய வேண்டுமோ அவர் பெயர்தான் முதல் சொல் என்பது அவளே போட்ட விதி. அந்த விதிப்படி முதல் சொல் அவளாக இருக்க வேண்டும். 'பூட்டக்கா:' என்று அடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்பதேகால் ஆனது. அதை வரைவிலேயே விட்டுவிட்டு, அன்றைய நிலுவையை மட்டும் போட்டாள்.

அந்த வரியைப் போடலாமா என்று மேலாளரிடம் கேட்டாள். அவர் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அந்தக் குழுவுல ஒப்புதல் மட்டும் வரட்டும்மா. ஆறின புண்ணைக் கீறாத. உன் நிரந்தரக் கடிதம் என் மேசைல இருக்கு, தெரியுமில்ல?"

அவர் சொன்னதில் மிரட்டல் இருந்ததா, வெறும் அலுப்பா என்று அவள் பலநாள் யோசித்தாள். யோசிப்பது எழுதுவதைவிடச் சுலபமாக இருந்தது.

ஆனால் பதிவை மாற்றினாள். அதில் இரண்டு பகுதி வந்தது. 'படித்தாலே போதும்' ஒன்று. 'திறந்து பார்க்க வேண்டியது' இன்னொன்று. இரண்டாவதில் அவள் விவரம் எழுதுவதில்லை. ஒரு கேள்வி மட்டும். 'பாதுகாப்புப் பொறியாளர்: 88-ம் வண்டி, மாற்று ஸ்டியரிங் பாகம். சோதனைத் தாளில் உள்ள மாடல் எண்ணை இங்கே எழுதிவிட்டு ஒப்புதல் தரவும். மூன்று மணிக்குள், இல்லையென்றால் மாலை வண்டி நிற்கும்.' தாளைத் திறக்காமல் அந்த எண்ணை யாராலும் எழுத முடியாது. பொறியாளன் முதல்நாள், "என்னக்கா, பரீட்சை வைக்கிறீங்க?" என்றான். பிறகு எழுதினான். நிலுவை கொஞ்சம் மெதுவாகத்தான் இறங்கியது. ஆனால் திறந்த நேரமும் ஒப்புதல் நேரமும் இப்போது வேறு வேறாக இருந்தன. மற்றப் பணிமனைகளிலும் இதே மாதிரி போடச் சொல்லித் தலைமை அலுவலகம் கேட்டது. நிரந்தரக் கடிதமும் வந்தது.

ஸ்டோர் அண்ணன் கோரிக்கைகளை எட்டரைக்கே போடத் தொடங்கியிருந்தார். மெக்கானிக் வரும்முன், முந்தின நாள் மிச்சத்தை வைத்து. நாலு வரி எழுதினார், பழையபடி. வழியில் பார்த்தால், "என்னம்மா, நல்லா இருக்கியா?" என்பார். அந்த வரியைப் பற்றி மறுபடி கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் போட்டிருப்பாளோ என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்வாள். அதையும் அவள் நம்பவில்லை.

அவர் ஓய்வு பெற்ற நாள் வெள்ளிக்கிழமை. நாலரை மணிக்கு ஒரு மாலை, ஒரு கைக்கடிகாரம், மேலாளரின் இரண்டு நிமிஷப் பேச்சு. ஸ்டோர் சாவிக்கொத்தை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, கவுண்டர் பூட்டை அவரே ஒருமுறை இழுத்துப் பார்த்தார். மெக்கானிக்குகள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவள் கைபேசி அதிர்ந்தது. குழுவில் ஒரு சாம்பல் நிற வரி: ஸ்டோர் குழுவிலிருந்து வெளியேறினார்.

இனி போட்டாலும் அவர் படிக்க முடியாது. மீதி நாற்பத்தொரு பேர் படிக்கலாம். அவர் கேட்டதும் அவர்கள் படிக்க வேண்டும் என்றுதான்.

திங்கட்கிழமை காலை, வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதன்முறையாக, கணினியில் ஒரு கோரிக்கையும் காத்திருக்கவில்லை. ஒன்பதேகாலுக்கு அவள் ஒரே வரி எழுதினாள்: 'இன்று நிலுவை எதுவும் இல்லை.' மேலாளர் கட்டைவிரல் போட்டார். பொறியாளன் கைதட்டல் போட்டான்.

அவள் வரைவுகளைத் திறந்தாள். 'பூட்டக்கா:' என்ற சொல்லும், அதன் பக்கத்தில் துடிக்கும் கோடும் அங்கே இருந்தன. அறுபதாம் நாள். மூடினாள். கொஞ்சம் கழித்து, அது அங்கேதான் இருக்கிறதா என்று திரும்பத் திறந்து பார்த்தாள்.